எங்க ஊர் நூறு சதவீதம் கேஸ், டாக்டர்

அக்டோபர் 2 அன்னைக்கு நான் ஊரில் இருந்தேன். விழுப்புரம் பக்கம், அப்பா பிறந்த ஊர். பட்டா வேலையா அப்பாவோட போனவன், கிராம சபை நடக்குதுன்னு கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போய் உட்கார்ந்தேன். நம்மில் எத்தனை பேர் கிராம சபை பார்த்திருக்கோம்? எனக்கு அதுதான் முதல் தடவை. கூட்டம் முடியப்போற நேரத்தில் ஊராட்சி செயலர் ஒரு கடிதத்தை எடுத்து வேகமா வாசித்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர், ஊராட்சித் தலைவருக்கு எழுதியது. விறகு அடுப்புப் புகையும் குழந்தைகளின் நுரையீரலும் பற்றி ஒன்றரைப் பக்கம்.

வாசித்து முடித்ததும் தலைவர் சொன்ன பதில் ஒரே வரி: “நம்ம ஊர்ல நூறு சதவீதம் கேஸ் குடுத்தாச்சே, டாக்டரம்மாவுக்குத் தெரியாது போல.” சிரிப்பு. தீர்மானப் புத்தகத்தில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்’ என்று எழுதி அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க. செயலரிடம் கேட்டு அந்தக் கடிதத்தை போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு மாசமா அதுதான் என் மண்டையில் ஓடுது. அந்தக் கடிதம் சரியான ஆளுக்கு எழுதப்பட்டது, அதில் ஒரு வரி தப்பு, தலைவரின் பதில் முழுசா தப்பு. இதுதான் என் கட்சி. எப்படின்னு சொல்றேன்.

(நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் இவ்வளவு நீளமா எழுதுவது இதுதான் முதல் முறை. பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.)

முதலில் கடிதம். டாக்டர் மிரட்டவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. மழைக்காலம் தொடங்கியதும் அதே தெருக்களிலிருந்து அதே குழந்தைகள் திரும்பத் திரும்ப இளைப்போடு வருகிறார்கள் என்று ஆரம்பிக்கிறார். பிறகு இப்படி ஒரு பத்தி: “தாய்மார்களிடம் வீட்டில் கேஸ் உள்ளதா எனக் கேட்டால் உள்ளது என்கிறார்கள். இன்று காலை எதில் சமைத்தீர்கள் எனக் கேட்டால் விறகில் என்கிறார்கள். எனவே தங்கள் ஊராட்சியில் இணைப்பு எத்தனை என்பதை அல்ல, ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கெடுத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இந்த ஒரு பத்திக்கு அந்தக் கூட்டத்தில் பதிலே வரவில்லை. தலைவர் சொன்னது அவர் கேட்காத கேள்விக்கான பதில்.

எங்க சித்தப்பா வீடு அதே தெருவில்தான். வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கு, பளபளன்னு துடைச்சு வெச்சிருக்காங்க. டீ, அவசரத்துக்குத் தோசை, விருந்தாளி வந்தா காபி, இதெல்லாம் அதில். சோறு வடிப்பது, குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கழனி காய்ச்சுவது எல்லாம் பின்பக்கம் விறகு அடுப்பில். சென்னையில் எங்க வீட்டில் நாலு பேருக்கு ஒரு சிலிண்டர் நாற்பது நாள் வரும். அதாவது வருஷத்துக்கு ஒன்பது. சித்தி போன வருஷம் வாங்கியது மூணு. மீதி ஆறு சிலிண்டரின் வேலையை சவுக்கு மிளாரும் தென்னை மட்டையும் செய்யுது. அரசு கணக்கில் எங்க வீடும் சித்தி வீடும் ஒண்ணுதான். ரெண்டும் ‘கேஸ் இணைப்பு உள்ள வீடு’.

அந்த வீட்டில் என் அக்காவின் (சித்தப்பா மகள்) பையன் இருக்கான். ஒன்பது மாசம். அவனுக்காகத்தான் வெந்நீர் அடுப்பு காலையில் சீக்கிரமே எரியுது. அந்த அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழேதான் அவன் தொட்டிலும் தொங்குது. இந்தச் சீசனில் மூணு தடவை நெபுலைசர் வெச்சாச்சு.

இப்போ நம்ம ஆளுங்களுக்குப் பிடித்த பகுதி. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பாய்ஸல் விதி படிச்சோமே, குழாய்க்குள் சீரா ஓடும் திரவத்துக்கான தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம்:

R ∝ 1 / r⁴

பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துட்டேன். இந்தக் கடிதத்தில் “சிறு குழந்தையின் மூச்சுக்குழல் குறுகலானது, சிறு வீக்கமும் பெரிய தடையாகும்” என்ற வரியைப் படிச்சப்போதான் உறைச்சது. பச்சைக் குழந்தையின் மூச்சுக்குழல் விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். புகையாலோ சளியாலோ உள்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் ஆரம் 2-லிருந்து 1 ஆகும். தடை 16 மடங்கு. அதே வீக்கம் 8 மில்லிமீட்டர் குழலில் வந்தால் ஆரம் 4-லிருந்து 3 ஆகும். தடை மூன்று மடங்கு சொச்சம். அதே அடுப்படியில் அதே புகையில் சித்தி ரெண்டு தடவை இருமிட்டு வேலையைப் பார்ப்பாங்க, பையனுக்கு விலா உள்ளே இழுக்கும். உண்மையான மூச்சுக்குழல் பாய்ஸல் விதிக்கு அப்படியே கட்டுப்படாது, குழந்தை அழுதா ஓட்டம் கலங்கிப்போகும், தடை இன்னும் கூடும். அதனால் இந்தக் கணக்கு நல்ல நாளுக்கான கணக்கு. இதோட குழந்தை பெரியவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல் வேகமா மூச்சு விடுது. எடைக்கு எடை பார்த்தா அது இழுக்கும் காற்று நம்மை விட அதிகம்.

அந்தக் காற்றில் எவ்வளவு புகை? நானும் ஒரு பிஎம் 2.5 சென்சாரை எடுத்துட்டுப் போனேன், மூணாம் வருஷ மினி புராஜெக்டில் மிச்சமானது. அடுப்பு பத்த வெச்ச ரெண்டு நிமிஷத்தில் திரையில் 999.9-ல் முட்டி நின்னுடுச்சு. அதுக்கு மேல் அதுக்கு எண்ணத் தெரியாது. இந்த மலிவு சென்சார்கள் ஒளிச்சிதறலை வெச்சு ஊகிக்கிறவை, புதுப் புகையிலும் ஈரத்திலும் தப்பாக் காட்டும். அதனால் அந்த எண்ணைப் பெரிசா எடுத்துக்காதீங்க. காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

C = E / (V × n)

E என்பது அடுப்பு கக்கும் துகள். நிமிஷத்துக்கு 40 மில்லிகிராம்னு வெச்சுக்கலாம். ஆய்வகச் சோதனையில் அடுப்புகளுக்குப் படி போடும்போது இதுக்கு மேல் கக்குவதெல்லாம் கடைசிப் படி. V அடுப்படியின் கொள்ளளவு, 30 கன மீட்டர். n என்பது மணிக்கு எத்தனை தடவை காற்று முழுசா மாறுதுங்கிறது. ஓட்டு வீடு, சந்து பொந்து நிறைய, 20 போடுங்க. விடை கன மீட்டருக்கு 4000 மைக்ரோகிராம். நாளுக்கு ரெண்டு மணி நேரம்தான் அடுப்பு எரியுது, மீதி நேரம் காற்று சுத்தம்னே வெச்சாலும், 24 மணி நேரச் சராசரி 330-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர வரம்பு 15.

இங்கேதான் நம்ம மாதிரி ஆளுங்க தடுமாறி விழுற இடம். புகையைப் பாதியாக் குறைக்கிற அடுப்பு ஒண்ணு செய்தா 165 ஆகும். போஸ்டரில் ‘50% குறைப்பு’ன்னு போட்டுக் கைதட்டு வாங்கலாம். குழந்தைக்கு அது இன்னும் வரம்பைப் போல 11 மடங்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தக் கைதட்டை வாங்கியவன் நான். ரெண்டாம் வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து சித்தி வீட்டிலேயே ஒரு ‘புகையில்லா அடுப்பு’ கட்டினோம். களிமண், செங்கல், அடியில் கம்பி வலை, ஆறரை அடி தகரக் குழாய் புகைபோக்கி. ஜம்முன்னு எரிஞ்சுது. போட்டோ, ரிப்போர்ட், பரிசு. இந்தத் தடவை போய்ப் பார்த்தா அதுக்குள்ளே கோழி அடை உட்கார்ந்திருக்கு.

கோபமா வரலை, சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசிச்சேன். ரெண்டு மீட்டர் புகைபோக்கியில் உள்ளே 150 டிகிரி, வெளியே 30 டிகிரின்னா, சூடான காற்றின் அடர்த்தி குறைவதால் கிடைக்கும் இழுவிசை சுமார் 6.5 பாஸ்கல். எட்டு ஏ4 தாளை அடுக்கி மேசையில் வெச்சா மேசை உணரும் அழுத்தம், அவ்வளவுதான். அந்த இம்மியளவு இழுவிசையை நம்பித்தான் மொத்தப் புகையும் மேலே போகணும். நாங்க மழைக்குப் பயந்து குழாயை ஒரு இடத்தில் வளைச்சு, உச்சியில் தாழ்வா ஒரு மூடி போட்டிருந்தோம். ரெண்டு மாசத்தில் அந்த வளைவில் கரி படிஞ்சு இழுவை செத்துப்போச்சு. புகை வாய் வழியா முகத்திலேயே அடிச்சிருக்கு. குழாயைக் கழற்றிக் கரி தட்டணும்னு நாங்க யாருக்கும் சொல்லித் தரலை. தவிர எங்க அடுப்பு வாய் சின்னது. அதில் முழு மட்டை நுழையாது, வெட்டிப் போடணும். வெட்டுவது யார்? சித்தி. ஒடிசாவில் ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் மூவரும் இதே போன்ற அடுப்புகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு இருக்கு. முதல் வருஷம் புகை குறைஞ்சுது, அப்புறம் பராமரிப்பும் பயன்பாடும் குறையக் குறைய அந்தப் பலன் காணாமப் போச்சு. எங்க கோழிக்கூட்டின் கதைதான்.

இனி அந்தத் தப்பான வரி. டாக்டர் கடிதத்தின் நடுவில், “புகை நின்றால் குழந்தைகளின் நிமோனியா குறைந்துவிடும்” என்று எழுதியிருக்கிறார். ஹாஸ்டலில் என் ரூம்மேட்டிடம் இதைக் காட்டினேன். அவன் கொஞ்ச நேரம் தேடிட்டு, “மச்சி, உங்க டாக்டர் சொன்னதை உங்க மாவட்டத்திலேயே சோதிச்சுப் பார்த்திருக்காங்கடா” என்றான். நிஜம்தான். ஹேப்பின் என்ற பெரிய ஆய்வு. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என நாலு நாடு. இந்தியாவில் நடந்த இடம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்கள். நடத்தியது சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு. நாலு நாட்டிலும் சேர்த்து 3200 கர்ப்பிணிப் பெண்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாசத்துக்கு இலவச கேஸும் வாசலுக்கே வந்தது. மீதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தார்கள்.

குழந்தைகள் சுவாசித்த பிஎம் 2.5 அளவு, 24 மணி நேரக் கணக்கில், விறகு வீடுகளில் 66, கேஸ் வீடுகளில் 24. நல்ல வீழ்ச்சி. ஆனால் ஒரு வயது வரைக்கும் கடுமையான நிமோனியா வந்த விகிதத்தில் ரெண்டு குழுவுக்கும் கணிசமான வித்தியாசம் இல்லை. 2024-இல் முடிவு வெளியானது. இதுக்கு முன்னாடி குவாத்தமாலாவில் கிர்க் ஸ்மித் குழு புகைபோக்கி அடுப்பை வெச்சு செய்த ஆய்விலும் மொத்த நிமோனியாவில் தெளிவான குறைவு இல்லை, கடுமையான நிமோனியா மட்டும் குறைஞ்சுது. மலாவியிலும் சுத்தமான அடுப்பு நிமோனியாவைக் குறைக்கலை.

ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே சரியா வரலை. அப்போ தலைவர் சொன்னதுதான் சரியா? விழிப்புணர்வுன்னு எழுதி மூடிட வேண்டியதுதானா?

இல்லை. அதே ஆய்வை இன்னொரு தடவை படிங்க. அதில் எனக்கு நிமோனியாவை விட முக்கியமாப் பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. இலவசமா, தடையில்லாம, வாசலுக்கே கேஸ் வந்தப்போ அந்தப் பெண்கள் விறகை ஏறத்தாழ முழுசா விட்டுட்டாங்க. எங்க மாவட்டப் பெண்கள், சித்தி மாதிரிப் பெண்கள். ‘விறகுச் சோறுதான் ருசி, பழக்கத்தை மாத்த முடியாது, அவங்களுக்குப் புரியாது’ன்னு கிராம சபையில் மூணு பேர் சொன்னாங்களே, அது அங்கேயே அடிபட்டுப் போகுது. புரியாம இல்லை. ஒரு சிலிண்டருக்கு எண்ணூறு ரூபாய்க்கு மேல் மொத்தமா எடுத்து வைக்கணும், மிளாருக்கு எதுவும் வேணாம். இப்படிப்பட்ட கணக்குப் போடுறவங்களுக்கு விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டுவது அவமானப்படுத்துற மாதிரி.

ரெண்டாவது, 24-ங்கிற அந்த எண். வீட்டில் விறகே எரியலைன்னாலும் 24-க்குக் கீழே இறங்கலை. ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 5. பக்கத்து வீட்டு வெந்நீர் அடுப்பு, தெருமுனையில் எரியும் குப்பை, வண்டிப் புகை எல்லாம் வேலியைத் தாண்டி உள்ளே வருது. சித்தி மட்டும் முழுசா கேஸுக்கு மாறினா பையனுக்குப் பாதி லாபம்தான். எங்க புகைபோக்கி நல்லா வேலை செஞ்ச ரெண்டு மாசமும் புகை எங்கே போச்சு? பின் வீட்டுத் திண்ணைக்கு. அங்கேயும் ஒரு குழந்தை. அதனால்தான் டாக்டர் இதைத் தாய்மார்களுக்கு எழுதாம ஊராட்சிக்கு எழுதியது எனக்குச் சரின்னு படுது. தெருவுக்குப் பொதுவான காற்றை ஒரு வீடு தனியாச் சுத்தம் பண்ண முடியாது.

அப்போ நிமோனியா வரியை என்ன செய்வது? நான் டாக்டரா இருந்தா அதை அடிச்சிட்டு, உறுதியாத் தெரிந்ததை மட்டும் எழுதுவேன். காலமெல்லாம் விறகில் சமைக்கும் பெண்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருது, இதில் சந்தேகமில்லை. நுரையீரல் பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும் உறுப்பு, அழுக்குக் காற்று அந்த வளர்ச்சியைக் குறைக்கும். தெற்கு கலிபோர்னியாவில் காற்று சுத்தமாக ஆக, அடுத்தடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சி கூடியதை அளந்தே காட்டியிருக்காங்க. தரையோட இருக்கும் அடுப்பில் தவழும் பிள்ளைக்குச் சுடும், இதுக்கு ஆய்வே வேணாம், எங்க தெருவில் தழும்பு இருக்கு. பொய்யான வாக்குறுதி ஒண்ணு கடிதத்தில் இருந்தா, நாளைக்குப் புகை குறைஞ்சும் நிமோனியா வந்தா, ‘அந்தம்மா சும்மா சொல்லிச்சு’ன்னு மொத்தக் கடிதத்தையும் தூக்கிப் போட்டுடுவாங்க.

கடிதத்தின் கடைசிப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிமோனியாவை அடையாளம் காண்பதை அங்கன்வாடி சுவரில் எழுதிவைக்கச் சொல்கிறார். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுசா ஒரு நிமிஷம் மூச்சை எண்ணணும். ரெண்டு மாதத்துக்கு உள்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதுக்கு மேல், ரெண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சு, ஆஸ்பத்திரிக்குப் போகணும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனால் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே கிளம்பணும். இதை நான் அக்காவிடம் வாட்ஸப்பில் அனுப்பினேன். போனில் ஸ்டாப்வாட்ச் வெச்சு எண்ணிட்டு “முப்பத்தெட்டுடா, நல்லாத் தூங்குறான்” என்றாள்.

காசே செலவில்லாத ஒரு வேலையும் அன்னைக்கே நடந்தது. தொட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாத்தினோம். மிளாரை மழையில் போடாம மாட்டுக்கொட்டகை ஓரமா, கூரைக்கு அடியில் அடுக்கினோம். ஈர விறகால் எரிபொருள் வீணாகும்னு எல்லாரும் சொல்வாங்க. கணக்குப் போட்டா நீராவியாக்கப் போகும் ஆற்றல் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனா அந்த நீர் தீயின் சூட்டை இறக்குது. விறகிலிருந்து வரும் வாயுக்கள் எரியாமலேயே வெளியே வருது, அதுதான் கண்ணைக் கரிக்கும் அந்த மஞ்சள் புகை. காய்ந்த விறகும் புகையும், கம்மியா. இது தீர்வுன்னு நான் சொல்ல மாட்டேன், கேஸ் வரும் வரைக்கும் ஒரு ஒட்டுப்போடுதல்.

தலைவர் கெட்டவர் இல்லை. சிலிண்டர் விலையை அவரால் குறைக்க முடியாது, அது அவருக்கும் தெரியும், அதனால்தான் ‘கேஸ் குடுத்தாச்சு’ன்னு முடிச்சுட்டார்னு நினைக்கிறேன். ஆனா டாக்டர் அவரிடம் காசு கேட்கலை. எண்ணிக்கை கேட்டார். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கு, அந்த வீடு வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் வாங்குது, ரெண்டே கேள்வி. சிலிண்டர் புத்தகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். அந்தப் பட்டியல் ஊராட்சியின் முத்திரையோட மேலே போனால்தான், முதல் ரெண்டு வருஷமாவது கைக்குழந்தை வீட்டுக்கு மானிய விலையில் சிலிண்டர் கேட்க ஒரு ஆதாரம் இருக்கும். ‘நூறு சதவீதம்’ என்ற எண்ணோட போய் யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

ஜனவரி 26-க்கு அடுத்த வாய்ப்பு. செமஸ்டர் முடிஞ்சிடும், நான் போறேன். தீர்மான வாசகத்தை அக்காவே எழுதிட்டாள், என் தமிழ் அவளுக்குப் பத்தலையாம்: “நமது ஊராட்சியில் ஐந்து வயதுக்கு உள்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில், கடந்த பன்னிரண்டு மாதங்களில் வாங்கப்பட்ட சிலிண்டர்களின் எண்ணிக்கையை வீடு வாரியாக எடுத்து, அடுத்த கிராம சபையில் வாசிக்க வேண்டும்.” கீழே கையெழுத்துப் போட இதுவரை பதினொரு அம்மாக்கள். சித்தி பன்னிரண்டாவதா போடறேன்னு சொல்லியிருக்காங்க, கோழியைக் கிளப்பி அந்த அடுப்பை நான் இடிச்சுத் தரணுமாம்.